பெயர் மானுக்குப் போகாமல் இருக்க: நடக்கிற ஆளோடு லேபலைக் கொண்டுபோன கதை

திருகோணமலைக் கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் பாதையில் தொழில் செய்கிறவர்களைப் பற்றி ஒரு குறும்படம் செய்து கொடுத்தோம். கேட்டவர்கள் வைத்த நிபந்தனை ஒன்றுதான். டிவி செய்தி மாதிரிப் படத்தின் அடியில் பட்டை போட்டுப் பெயர் எழுதக் கூடாது. ஆள் நடக்க நடக்க, பெயரும் தொழிலும் அவருக்குப் பக்கத்திலேயே கூட வரவேண்டும். இதை எல்லா ஷொட்டுக்கும் செய்தோம். ஆனால் ஒரே ஒரு ஷொட்டில்தான் வரக்கூடிய சிக்கல் எல்லாம் ஒன்றாக வந்தது. அதனால் அதை மட்டும் எழுதுகிறேன்.

ஷொட் இதுதான். மாலை கட்டி விற்கிற ஒரு ஐயா. வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட சாரம், தோளில் சிவப்புத் துவாய், இடுப்பில் அணைத்த பூக்கூடை. கமரா ட்ரைபொட்டில் அசையாமல் நிற்கிறது. ஐயா இடப்பக்கத்தில் இருந்து வலப்பக்கமாக நாலு செக்கன் குறுக்கே நடக்கிறார். பிறகு திரும்பி, எங்களுக்கு முதுகு காட்டியபடி மேட்டில் ஒன்பது செக்கன் ஏறிப் போகிறார். பாதை முழுக்க மரநிழல், இடையிடையே வெயில் பொட்டு. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருப்பதால் அந்தப் பக்கம் கமராவைத் திருப்பவில்லை. இருக்கிற ஒரு கோணத்தில்தான் எடுக்க முடிந்தது. அந்தக் கோணத்தில் மான்களும் குறுக்கே வரும். திருகோணமலையில் இருக்கிறவர்களுக்கு இது புதினமில்லை, பஸ் ஸ்டாண்ட் பக்கமே மான் படுத்திருக்கிற ஊர்.

முதலில், நகர்கிற பொருளைப் பிரேம் பிரேமாகப் பின்தொடர்கிற ட்ராக்கர் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதில் இருந்துதான் வருகிறது. ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் `Track Motion` கொடுத்தால் இரண்டு பெட்டி வரும், ஒன்றுக்குள் ஒன்று. உள் பெட்டிக்குள் இருக்கிற பிக்சல்களை அது ஒரு மாதிரியாக எடுத்துக்கொள்ளும். அடுத்த பிரேமில், வெளிப் பெட்டியின் எல்லைக்குள் அந்த மாதிரிக்கு ஆகக் கிட்டப் பொருந்துகிற இடம் எது என்று தேடும். கண்ட இடத்தில் கீஃபிரேம் வைக்கும், அதாவது இந்தப் பிரேமில் இந்த இடம் என்று குறித்துவைக்கும். அவ்வளவுதான். ஆள் என்றோ, சட்டை என்றோ, முகம் என்றோ அதற்கு ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு சின்னச் சதுரத்துக்குள் எங்கே வெளிச்சம், எங்கே இருட்டு, எந்த நிறம் என்பது மட்டும்.

அதனால் எந்த இடத்தில் பெட்டியை வைப்பது என்பதே பாதி வேலை. பெயர் தலைக்கு மேலே வரவேண்டும் என்பதால் எல்லோரும் முதலில் தலையில்தான் வைப்பார்கள். தலை நல்ல இடமில்லை. தலைமயிரின் ஓரத்தில் வைத்தால் பெட்டிக்குள் பாதி மயிர், பாதி பின்னால் இருக்கிற மரம். ஆள் நகர நகர மரம் மாறிக்கொண்டே இருக்கும், மாதிரி கெட்டுப் போகும். முகத்தில் வைத்தால் ஐயா யாரையாவது திரும்பிப் பார்த்துச் சிரித்த உடனே முடிந்தது. கையும் காலும் வீசி ஆடுகிறவை. சாரத்தின் மடிப்பு ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறாக விழும். கூடையில் இருக்கிற பூ பார்க்க நல்ல மாறுபாடாகத் தெரியும், ஆனால் கூடை உடம்போடு சேராமல் தனியாகக் குலுங்கும்.

எங்களுக்குக் கிடைத்த நல்ல இடம் கழுத்தடி. சட்டைக் கொலரின் முனையும் சிவப்புத் துவாயின் ஓரமும் சந்திக்கிற மூலை. மூலை என்பது முக்கியம். துவாயின் நேரான விளிம்பில் மட்டும் பெட்டியை வைத்தால், அந்த விளிம்பு நெடுகிலும் எல்லா இடமும் ஒரே மாதிரித்தான் இருக்கும். ட்ராக்கருக்கு எது என்று தெரியாமல் பெட்டி விளிம்போடு வழுக்கி இறங்கும். இரண்டு திசையிலும் மாற்றம் இருக்கிற மூலையில் அது வழுக்க இடமில்லை. இன்னொன்று, கழுத்தடி எலும்போடு ஒட்டிய இடம். கை வீசினாலும் தலை திரும்பினாலும் அது பெரிதாக ஆடாது.

உள் பெட்டி ஆளின் உடம்பைத் தாண்டி வெளியே போகக் கூடாது. வெளிப் பெட்டி எவ்வளவு பெரிது என்பதைக் கணக்குப் பார்த்தே வைக்கலாம். 1920×1080 படத்தில் ஐயாவின் உயரம் கிட்டத்தட்ட 500 பிக்சல். ஆள் உயரம் 165 சென்டிமீட்டர் என்று வைத்தால், ஒரு சென்டிமீட்டருக்கு 3 பிக்சல். கூடையோடு ஆறுதலாக நடக்கிறவர், செக்கனுக்கு ஒரு மீட்டர், அதாவது 300 பிக்சல். 25 பிரேமுக்குப் பிரித்தால் ஒரு பிரேமுக்கு 12 பிக்சல். ஆக உள் பெட்டிக்கு வெளியே பக்கவாட்டில் 25, 30 பிக்சல் இடைவெளி விட்டாலே தாராளம். மேலும் கீழும் இன்னும் குறைவாகப் போதும். பயத்தில் வெளிப் பெட்டியைப் பெரிதாக இழுத்து வைத்தால் தேடலும் மெதுவாகும், அதற்குள் வேறு ஏதாவது ஒத்த பொருள் வந்து மாட்டிக்கொள்ளவும் வாய்ப்பு.

மாட்டிக்கொண்டது மான். குறுக்கே நடக்கும் பகுதியின் நடுவில் ஒரு புள்ளிமான் கமராவுக்கும் ஐயாவுக்கும் இடையில் புகுந்து போகிறது. புள்ளிமானின் உடம்பு ட்ராக்கருக்கு வைத்த விருந்து: மண்ணிறத்தில் வெள்ளைப் புள்ளிகள், எங்கே பார்த்தாலும் மூலை. அதோடு அந்த ஷொட்டில் ட்ராக்கரை ஒவ்வொரு பிரேமிலும் மாதிரியைப் புதுப்பித்துக்கொள்ளும் நிலையில் விட்டிருந்தோம். கழுத்தடி மறைந்த பிரேமில் அது கிடைத்ததை எடுத்துக்கொண்டது, அடுத்த பிரேமில் அதையே தேடியது. ஐயாவே பக்கத்தில் இருந்து பார்த்தார். ஒரு மாதிரி யோசித்துவிட்டு, "என்ட பேர் மானோட போயிட்டுதே தம்பி" என்றார். உண்மைதான். பெயர் மானின் முதுகில் ஏறி, படத்தை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது.

மறைப்பு வரும்போது செய்யவேண்டியது இது. மானின் மூக்கு உள் பெட்டியைத் தொடுவதற்கு இரண்டு மூன்று பிரேம் முன்னாலேயே ட்ராக்கிங்கை நிறுத்துங்கள். தொட்ட பிறகு நிறுத்தினால் கடைசிச் சில கீஃபிரேம்கள் ஏற்கனவே கெட்டிருக்கும், எந்த இடத்தில் இருந்து கெட்டது என்று தேடவேண்டி வரும். மான் கடந்து, கழுத்தடி முழுதாக வெளியே வந்த பிரேமுக்குப் போய்ப் பெட்டியை மறுபடி அதே மூலையில் வைத்துத் தொடருங்கள். நடுவில் கீஃபிரேம் இருந்தால் அழித்துவிடுங்கள். இரண்டு முனைக்கும் நடுவில் மென்பொருளே நேர்கோட்டில் நிரப்பிக்கொள்ளும். நடக்கிற ஆளுக்கு இது நன்றாகவே பொருந்தும், ஏனென்றால் அரைச் செக்கனுக்குள் நடையின் வேகம் பெரிதாக மாறுவதில்லை. ஓடி விளையாடுகிற பிள்ளைக்கு இந்த வழி சரிவராது. அங்கே கையால் இரண்டு மூன்று கீஃபிரேம் வைக்கத்தான் வேண்டும். `Options` இல், பொருத்தம் எவ்வளவு நல்லது என்று காட்டும் நம்பிக்கை அளவு, அதாவது `Confidence`, குறைந்தால் `Extrapolate Motion` என்று ஒரு தெரிவு இருக்கிறது, வந்த வேகத்திலேயே பெட்டியை முன்னே தள்ளிக்கொண்டு போகும். தூண், விளக்குக் கம்பம் மாதிரி ஒல்லியான மறைப்புக்கு அது போதும். மான் மாதிரி நீளமானதுக்கு நான் அதை நம்புவதில்லை.

நிழல்தான் இன்னும் தொல்லை. மரத்தடியில் ஐயா நடக்கும்போது சட்டை ஒரு அடிக்கு வெள்ளை, அடுத்த அடிக்குச் சாம்பல். முதல் பிரேமில் எடுத்த மாதிரியை வைத்துக்கொண்டே கடைசி வரை தேடினால் நிழலுக்குள் போனதும் பொருத்தம் விழுந்துவிடும். அதற்காகத்தான் மாதிரியைப் புதுப்பிக்கும் வசதி இருக்கிறது. ஆனால் `Adapt Feature On Every Frame` ஐ எப்போதும் போட்டு வைத்தால் வேறு ஒரு வியாதி வரும். ஒவ்வொரு பிரேமிலும் அரைப் பிக்சலுக்கும் குறைவாக ஒரு சின்னப் பிழை இருக்கும். மாதிரி அந்தப் பிழையோடு சேர்த்தே புதுப்பிக்கப்படும். நூறு பிரேம் போனதும் பெட்டி கொலரில் இருந்து தோளுக்கு இறங்கியிருக்கும். இதில் பொல்லாத விஷயம், `Confidence` வரிசையைப் பார்த்தால் எல்லாம் நல்ல எண்ணாகவே இருக்கும். ஒவ்வொரு பிரேமும் அதற்கு முந்தியதோடு அழகாகப் பொருந்துகிறதல்லவா! அந்த எண் திடீர்த் தாவலைத்தான் காட்டிக்கொடுக்கும், மெல்லிய நழுவலைக் காட்டாது. நழுவலைக் கண்டுபிடிக்கக் கண்தான் வேண்டும்: முதல் பிரேம், நடுப் பிரேம், கடைசிப் பிரேம் மூன்றையும் 400% பெரிதாக்கிப் பெட்டி அதே மூலையில் நிற்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே அதை எடுத்துவிட்டு, நம்பிக்கை 80% க்குக் கீழே போனால் மட்டும் மாதிரியைப் புதுப்பிக்கும்படி `Adapt Feature` ஐத் தெரிவு செய்தோம். `Channel` ஐயும் `RGB` இல் இருந்து `Saturation` க்கு மாற்றினோம். வெளிச்சம் கூடிக் குறைந்தாலும் வெள்ளைச் சட்டைக்குப் பக்கத்தில் துவாயின் சிவப்பு எப்போதும் நிறம் கூடியதாகவே தெரியும் என்பதுதான் கணக்கு, இந்த ஷொட்டில் அது பிடித்துக்கொண்டது. சாம்பல் சட்டையும் கறுப்புத் துவாயும் என்றால் அந்த மாற்றத்தால் ஒரு பலனும் வந்திருக்காது. இன்னொரு விஷயம், முதல் பிரேமில் இருந்துதான் தொடங்கவேண்டும் என்று சட்டம் இல்லை. ஐயா வெயிலில் தெளிவாக நிற்கிற நடுப் பிரேம் ஒன்றில் தொடங்கி, அங்கிருந்து முன்னோக்கி ஒரு தரம், பின்னோக்கி ஒரு தரம் ட்ராக் செய்தோம். நழுவல் சேர்கிற தூரம் பாதியாகக் குறைகிறது.

ஐயா திரும்பி முதுகு காட்டும் இடத்தில் முன்கொலர் மறைந்து போகும். அங்கே வேறு மூலை வேண்டும்: பின்கழுத்தில் துவாய் மடிந்து விழும் இடம். ட்ராக்கரை முதலில் இருந்து வைக்கத் தேவையில்லை. முன்கொலர் கடைசியாக நன்றாகத் தெரிகிற பிரேமில் நின்று, `Alt` விசையை அழுத்தியபடி பெட்டியைப் புது மூலைக்கு இழுங்கள். பெட்டி நகரும், இணைப்புப் புள்ளி, அதாவது அந்தச் சின்னச் சிலுவைக் குறி, பழைய இடத்திலேயே நிற்கும். அப்படியே தொடர்ந்தால் பாதை முறியாமல் போகும். `Alt` ஐ மறந்தால் அந்த இடத்தில் பெயர் ஒரு குதி குதிக்கும்.

இவ்வளவும் சரியாக வந்த பிறகுதான் நான் சொல்லவந்த விஷயமே தொடங்குகிறது. ட்ராக்கிங் துல்லியமாக இருந்தது. நல் ஒப்ஜெக்ட், அதாவது படத்தில் தெரியாத வெற்று லேயரான `Null Object`, ஒன்றுக்கு அதை `Apply` செய்து, பெயர் லேயரை அதோடு பேரண்ட் செய்து ஓடவிட்டோம். என்னோடு எடிட்டிங்கில் இருக்கிற தம்பி பார்த்துவிட்டுக் கேட்டான்: "அண்ணன், எல்லாம் ஒட்டித்தானே இருக்கு, பிறகேன் வாசிக்க ஏலாமல் இருக்கு?"

ஒட்டியிருப்பதுதான் காரணம். மனிதர் நடக்கும்போது உடம்பு ஒவ்வொரு அடிக்கும் ஒரு தரம் எழும்பி இறங்கும். சாதாரண நடையில் மூன்று, நாலு சென்டிமீட்டர். எங்கள் படத்தில் அது 10, 12 பிக்சல். எழுத்தின் உயரமே 40 பிக்சல்தான். அதில் கால்வாசி அளவுக்கு எழுத்து செக்கனுக்கு ஒன்றரைத் தரத்துக்கு மேல் மேலும் கீழும் ஆடினால் எந்தக் கண் வாசிக்கும்? ஆளின் உடம்பு ஆடுவது எங்களுக்குத் தெரியாது, நடை என்று மூளை எடுத்துக்கொள்ளும். ஒரு எழுத்து ஆடினால் மட்டும் உடனே தெரியும்.

நான் இப்போது செய்கிற முறை, வேலையை இரண்டாகப் பிரிப்பது. ஆளின் மேல் ஒரு சின்னப் புள்ளி. அது ட்ராக்கருக்கு முழு அடிமை, கழுத்தடியோடு ஒட்டி ஒவ்வொரு அடிக்கும் ஆடும். பெயர் தனி. அது ஆளைப் பின்தொடரும், ஆனால் ஆளோடு ஆடாது. இரண்டையும் ஒரு மெல்லிய கோடு இணைக்கும். பட்டம் விடுகிறவன் கை உதறினாலும் பட்டம் மேலே அமைதியாக நிற்கிற மாதிரி. புள்ளி ஒட்டியிருப்பதைக் கண் பார்த்துவிட்டால், "இந்தப் பெயர் இந்த ஆளுடையது" என்பதில் சந்தேகம் வராது. அதற்குப் பிறகு பெயர் எவ்வளவு சோம்பலாக வந்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ட்ராக்கிங்கில் இரண்டு மூன்று பிக்சல் நடுக்கம் இருந்தால்கூடப் புள்ளியில் அது நடைக்குள் மறைந்துவிடும்.

பெயரை எவ்வளவு சோம்பலாக்குவது என்பதை ஊகிக்கத் தேவையில்லை. நல் ஒப்ஜெக்டின் `Position` ஐ கிராஃப் எடிட்டரில் திறந்து, மேல்கீழ் அசைவின் கோட்டைப் பாருங்கள். அலை அலையாக இருக்கும். ஒரு மேட்டில் இருந்து அடுத்த மேட்டுக்கு எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். ஐயாவுக்கு 15 பிரேம் வந்தது. 25 பிரேம் படத்தில் அது 0.6 செக்கன், ஒரு அடி எடுத்து வைக்கும் நேரம். இப்போது ஒவ்வொரு கணத்திலும் சரியாக 0.6 செக்கன் நீளத்துக்குச் சராசரி எடுத்தால், அந்த நீளத்துக்குள் எப்போதும் ஒரு முழு ஏற்றமும் ஒரு முழு இறக்கமும் இருக்கும். ஒன்றை ஒன்று கழித்துவிடும், ஆட்டம் கிட்டத்தட்ட முழுதாகவே காணாமல் போகும். 0.3 போட்டால் ஆட்டத்தில் ஒரு பங்கு மிஞ்சும். 0.8 போட்டாலும் கொஞ்சம் மிஞ்சும், அதோடு பெயர் மந்தமாகவும் வரும். கூட்டினால் கூட்டின அளவுக்கு நல்லது என்று இதில் இல்லை, அடியின் நேரத்தோடு பொருந்தவேண்டும். வேகமாக நடக்கிற இளந்தாரிக்கு 12, 13 பிரேம் வரும். அவருக்கு 0.5 போடவேண்டும்.

முதலில் கொடுத்த பேரண்டை எடுத்துவிட்டு, பெயர் லேயரின் `Position` இல் நாங்கள் போட்ட எக்ஸ்பிரஷன், அதாவது இடத்தைக் கணக்கிடும் சின்னச் சூத்திரம், இதுதான். ட்ராக் செய்த நல் ஒப்ஜெக்டின் பெயரை `PULLI` என்று மாற்றி வைத்திருக்கிறோம். பெயர் லேயரில் ஒரு `Slider Control` சேர்த்து அதற்கு `UYARAM` என்று பெயர் கொடுத்திருக்கிறோம்.

```
n = thisComp.layer("PULLI").transform.position;
x = n.smooth(0.2, 5)[0];
y = n.smooth(0.6, 15)[1];
h = effect("UYARAM")("Slider");
[x, y - h*0.3]
```

`smooth` இன் முதல் எண் எத்தனை செக்கனுக்குச் சராசரி, இரண்டாவது எண் அதற்குள் எத்தனை மாதிரி. பக்கவாட்டுக்கு 0.2 மட்டும்தான், ஏனென்றால் குறுக்கே நடக்கும்போது பெயர் ஆளுக்கு நேரே நிற்கவேண்டும். இந்தச் சராசரி முன்னும் பின்னும் சம அளவு பார்த்து எடுப்பது, அதனால் பெயர் பின்தங்காது. இதற்கு ஒரு விலை இருக்கிறது. ஆள் சட்டென்று நின்றால், நிற்பதற்கு ஒரு கணம் முன்பே பெயர் வேகம் குறைக்கத் தொடங்கும். நடையில் இது கண்ணுக்குப் படாது. கிரிக்கெட்டில் ஓடிவந்து பந்து போடுகிறவனுக்கு இதே எண்ணைப் போட்டால் படும்.

கோட்டுக்கு, படத்தின் அளவிலேயே ஒரு சொலிட் போட்டு `Beam` எஃபெக்ட் கொடுத்தோம். `Length` ஐ 100% ஆக்கி, `Starting Point` ஐ `PULLI` இன் `Position` ஓடும் `Ending Point` ஐப் பெயரின் `Position` ஓடும் இணைத்தால் கோடு தானாகவே நீண்டு சுருங்கும். மென்மை அளவைப் பூச்சியமாக்கி, தடிப்பை இரண்டு பிக்சலில் வையுங்கள். அதற்கு மேல் போனால் ஆளின் கழுத்தில் குச்சி குத்தின மாதிரி இருக்கும். மான் கடக்கும் பகுதியில் புள்ளியையும் கோட்டையும் நாலு பிரேமில் மங்கவைத்து, மான் போனதும் திரும்பக் கொண்டுவந்தோம். பெயர் மட்டும் அப்படியே நின்றது. மானின் பின்னால் எல்லாவற்றையும் மறைக்க வேண்டுமென்றால் மானைப் பிரேம் பிரேமாக வெட்டி எடுக்கவேண்டும். அந்த அரைச் செக்கனுக்காக அவ்வளவு வேலை தேவையில்லை என்பது என் முடிவு.

`UYARAM` எதற்கென்றால், ஐயா மேட்டில் ஏறிப் போகப் போகச் சிறிதாகிறார். தொடக்கத்தில் கழுத்தடியில் இருந்து 150 பிக்சல் மேலே பெயர் இருந்தது. தலை 90, அதற்கு மேல் இடைவெளி 60. கடைசியில் ஐயாவின் மொத்த உயரமே 200 பிக்சல். அப்போதும் பெயர் 150 மேலே நின்றால் அது ஐயாவுடையதாக இருக்காது, ஆலமரத்தின் பெயராகத் தெரியும். அதனால் பெயர் மேலே நிற்கும் தூரத்தை ஆளின் உயரத்தில் 0.3 பங்காக வைத்து, ஸ்லைடரில் ஆளின் உயரத்தைக் கீஃபிரேமாகக் கொடுத்தோம். எழுத்தின் அளவை மட்டும் மாற்றவில்லை. ஆளோடு சேர்த்து எழுத்தையும் சுருக்கினால் கடைசியில் 16 பிக்சல் எழுத்து மிஞ்சும். பெரும்பாலானோர் போனில் பார்க்கிற படம், அதில் அது வெறும் அழுக்குப் புள்ளி.

இங்கே ஒரு நுணுக்கம். 500 இல் ஒரு கீஃபிரேம், 200 இல் ஒரு கீஃபிரேம் என்று இரண்டை வைத்துவிட்டு விட்டால் நடுவில் பெயர் மேலே மிதக்கும். காரணம், தோற்றத்தின் அளவு தூரத்துக்குத் தலைகீழாகக் குறைகிறது. கமராவில் இருந்து 6 மீட்டரில் 500 பிக்சலாக இருந்தவர், 15 மீட்டரில் 200. நடுவழியில், 10.5 மீட்டரில், நேர்கோட்டுக் கணக்கு 350 என்று சொல்லும். உண்மையில் அவர் 286 தான். முதலில் சட்டென்று சிறிதாகி, பிறகு மெதுவாகச் சிறிதாகிறார். நடுவில் ஒரு கீஃபிரேம் 286 என்று வைத்தாலே போதும், கண்ணுக்குச் சரியாகிவிடும். கணக்குப் பார்க்க விருப்பமில்லாதவர்கள் அந்தப் பிரேமில் ஸ்கேல் வைத்து ஆளை அளந்து எழுதலாம்.

தமிழ் எழுத்துக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் `Preferences` இல் `Type` பகுதிக்குப் போய் `Text Engine` ஐ `South Asian and Middle Eastern` க்கு மாற்றாமல் எழுதினால் "கொ", "கோ" மாதிரி எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து சிதறும். கோணேசர் என்று எழுதவேண்டிய படத்தில் அது நல்ல சகுனமில்லை.

படம் பிடிக்கும்போதே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. லேபல் வைக்கப்போகிற ஷொட் என்று முன்கூட்டியே தெரிந்தால், ஷட்டரை 1/50 க்குப் பதிலாக 1/100 இல் வைக்கிறேன். 1/50 இல், பிரேமுக்கு 12 பிக்சல் நகர்கிற ஆளின் மூலை 6 பிக்சல் அகலத்துக்கு இழுபட்டுப் பதியும். 1/100 இல் அது 3. ட்ராக்கருக்கு அது பெரிய வித்தியாசம், பார்க்கிறவர்களுக்குப் பெரிதாகத் தெரியாது. எங்கள் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கடைக்குள் டியூப் லைட்டின் கீழும் 1/100 மினுங்காது. தலைக்கு மேலே வெற்றிடம் விட்டுப் பிரேம் கட்டுவதும் அப்போதே செய்யவேண்டியது. தலை உச்சி படத்தின் மேல் விளிம்பைத் தொடுகிற ஷொட்டில் எந்த ட்ராக்கிங்கும் பெயருக்கு இடம் தராது.

சிலர் தாங்கள் போனில் எடுத்ததை வட்ஸ்அப்பில் அனுப்பி, இதில் பெயர் ஒட்டித் தாருங்கள் என்று கேட்பார்கள். வட்ஸ்அப் சுருக்கின படத்தில் நிழல் பகுதிகள் கட்டம் கட்டமாக உடைந்திருக்கும். அந்தக் கட்டங்கள் ஆளோடு நகராமல் படத்தோடு நிற்கும். ட்ராக்கர் ஆளை விட்டுவிட்டு அந்தக் கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும், பெட்டி சில பிரேம் அப்படியே நின்று நின்று தாவும். அதைக் கண்டால் எண்களை மாற்றி மல்லுக்கட்டாமல், மூலக் கோப்பை ட்ரைவில் போடச் சொல்லிக் கேட்பதுதான் வழி.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு மாதக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் டாவின்சி ரிசோல்வின் இலவசப் பதிப்பிலேயே இதைச் செய்யலாம். ஃபியூஷன் பக்கத்தில் `Tracker` நோடு இருக்கிறது, உள் பெட்டி வெளிப் பெட்டிக் கதை அங்கேயும் அதுவேதான். புள்ளிக்கான வடிவத்தின் `Center` இல் வலது சொடுக்கி `Connect To` வழியாக ட்ராக்கரின் இடத்தோடு இணைத்துவிடுங்கள். பெயரை ட்ராக்கரோடு இணைக்கவே வேண்டாம். அதற்குக் கையால் கீஃபிரேம் வையுங்கள்: தொடக்கம், ஒவ்வொரு இரண்டு செக்கன், ஆள் திரும்புகிற இடம், முடிவு. நடுவில் மென்பொருள் சீராக நிரப்பும் என்பதால் நடையின் ஆட்டம் பெயருக்குள் வர வழியே இல்லை. ஐயாவின் 13 செக்கனுக்கு எட்டு ஒன்பது கீஃபிரேம் வரும். சொல்லப்போனால், ட்ராக் செய்கிற இடமே மோசமாக இருக்கிற ஷொட்டுகளில் ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும் நான் பெயரை இப்படித்தான் கையால் கொண்டுபோகிறேன், புள்ளியை மட்டும் ட்ராக்கருக்கு விட்டுவிட்டு.

இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற ஷொட் வந்தால் பெயர்களை ஒரே உயரத்தில் வைக்காதீர்கள். ஒருவர் மற்றவரைக் கடக்கும் பிரேமில் எழுத்தின் மேல் எழுத்து ஏறும். மேலே உள்ள எக்ஸ்பிரஷனில் ஒருவருக்கு 0.3, மற்றவருக்கு 0.45 என்று கொடுத்தால் இரண்டும் தனித்தனித் தட்டில் போகும். கோடுகள் குறுக்கே வெட்டினாலும் புள்ளி எது யாருடையது என்று காட்டிவிடும்.